அண்ணாச்சியின் கோட்டும் ஆளில்லாத மூன்று முகங்களும்

கம்ப்யூட்டர் உண்டாக்கின முகத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது, அதனால் அதை வைத்து வம்புக்கு வரவும் யாரும் கிடையாது என்று நம்பியிருந்தேன். வெப்சைட் செய்து கொடுத்துச் சாப்பிடுகிறவன், தலையில் பாதி நரைத்தவன், இதை நம்பலாமா? நம்பினேன். பெருமையாக வேறு நம்பினேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு நான் செய்த வெப்சைட் அது. காட்டன் சேலை. கோயம்புத்தூரில் பல கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடை சாம்பிள் பார்த்துப் பிடித்துப்போய், முதல் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்த ஆர்டரை நம்பி, நிறுத்தி வைத்திருந்த நாலு தறியை அண்ணாச்சி துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

‘எங்கள் குழு’ என்று ஒரு பக்கம் வேண்டும். தறியில் நிற்கிற அக்காமார் போட்டோவுக்கு மாட்டேன் என்றார்கள். “நெட்ல போட்டா கண்டவனும் பாப்பான். ஆளை விடுங்க.” சரி என்று, மேசையைச் சுற்றி நாலு பேர் சிரிக்கிற படம் ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று இடவலமாகத் திருப்பியும் வைத்தேன். என்னே மூளை!

அடுத்து ‘வாடிக்கையாளர் கருத்து’. கடையநல்லூர் கடைக்காரர் ஒருவர், “சாயம் போகலை அண்ணாச்சி, இன்னும் அம்பது சேலை அனுப்புங்க” என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். அதே மாதிரி இன்னும் இரண்டு பேர். வார்த்தை மூன்றும் நிஜம். ஆனால் போட்டோ கேட்டால் மூன்று பேரும் நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். நாளை வரவில்லை. நான் மூன்று முகத்தை உண்டாக்கி ஒட்டிவிட்டேன்.

ஒரு காலையில் கோயம்புத்தூர் கடையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். புதிதாகச் சரக்கு வாங்கப்போகிற இடங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. குரலில் கோபமே இல்லை.

“சார், உங்க குழுப் படத்தை இமேஜ் சர்ச்ல போட்டேன். அதே நாலு பேரு ஒரு பல் ஆஸ்பத்திரியிலயும் ஒரு டிராவல்ஸ்லயும் வேலை பாக்கறாங்க.”

“அது... திருப்பி வச்ச படம்ங்க.”

“திருப்பினாலும் வருது சார்.”

நானே வாயைக் கொடுத்து ஒப்புக்கொண்டது அப்புறம்தான் உறைத்தது.

“கருத்து சொன்ன மூணு முகமும் தேடினா எங்கேயும் வரலை. வரலைங்கிறதால நிஜம்னு ஆயிடாதில்லைங்களா? பெரிசு பண்ணிப் பாத்தேன். ஒரு அம்மாவுக்கு ரெண்டு காதுலயும் வேற வேற கம்மல். பின்னால போர்டுல இருக்கறது எந்த மொழியிலயும் எழுத்தே இல்லை. மூணு படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சா கண்ணு ஆறும் ஒரே எடத்துல பொருந்துது. நிஜ ஆளுங்க போட்டோல அப்படி வராது.”

“மன்னிச்சுக்கோங்க. முதலாளி போட்டோ மட்டும் நிஜம்ங்க.”

“அதுதான் சார் ரொம்ப சந்தேகம். அதே கோட்டு, அதே டை, அதே மடிப்பு, வேற வேற தலையோட பத்து எடத்துல இருக்கு.”

அண்ணாச்சி ஆயுளில் கோட்டு போட்டவரில்லை. வெள்ளைச் சட்டையில்தான் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார். நம்ம ஊர் வழக்கப்படி ஸ்டுடியோக்காரர் தலையை மட்டும் எடுத்து, கைவசம் இருந்த கோட்டில் பொருத்தி, முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்கிக் கொடுத்தார். எங்களுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. கல்யாணப் பேனர் வரைக்கும் அப்படித்தானே!

போனை வைத்ததும் எனக்குள் சைபர் கிரைம் ஜீப் வந்து நின்றது. என் கடை ஷட்டரை இறக்கினேன். போனை அணைத்தேன். சிவகிரியில் இருக்கும் அக்கா வீட்டில் நாலு நாள் ஒளிந்துகொள்வது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். தலையில் துண்டு வேறு. கண்டக்டர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

பஸ் கிளம்புமுன் ஜன்னலுக்குக் கீழே அண்ணாச்சி.

“எங்கன போறீரு வே, துண்டைப் போட்டுக்கிட்டு?”

“அக்காவுக்கு உடம்பு சரியில்ல அண்ணாச்சி.”

“உமக்குத்தான் சரியில்ல. இறங்கும். அந்தம்மா எனக்கும் போன் போட்டாச்சு. என் தலையை நிஜமான்னு கேக்காவ. என் தலை என் தலைதானவே?”

இறங்கினேன். தறிக்கூடத்திலிருந்து வீடியோவில் அந்த அம்மாவைக் கூப்பிட்டோம். அண்ணாச்சி தறிக்கு முன்னால் நின்று, தறிச்சத்தத்தை மீறிக் கத்தினார். “நான்தாம்மா! கோட்டு இல்லாம பாருங்க!” வாட்ஸப் குரல் மூன்றையும் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“வார்த்தை நிஜம்னா முகமில்லாமலே போட்டிருக்கலாமே சார்,” என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வரவில்லை. அன்று சாயங்காலமே எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து கடையிலிருந்து கடிதம் வந்தது: சேலையில் குறையில்லை, ஆனால் இல்லாத வாடிக்கையாளர்களைக் காட்டிய இடத்திலிருந்து இந்த சீசனுக்கு வாங்க இயலாது. ஆர்டர் வேறு ஒருவருக்குப் போனது. அந்த நாலு தறியும் ஓடவில்லை.