டொலரை வைத்துக் காத்திருந்தவள்

நானும் சிநேகிதி ஒருத்தியும் ஒரே அவுஸ்திரேலியக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்த்தோம். சம்பளம் இருவருக்கும் ஒன்று, டொலரில். நான் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தேன். பணம் கணக்கில் விழுந்த அன்றே ரூபாயாக்கிவிடுவேன். வாடகை, பிள்ளைகளின் டியூஷன், மாமியாரின் மருந்து எல்லாம் காத்திருக்கும். அவள் ஒரு சதமும் மாற்றவில்லை. புருஷன் அரசாங்க உத்தியோகம், சொந்த வீடு.

ரூபாய் சரிந்த வருஷம் அவளுடைய பழைய டொலர்களின் மதிப்பு இருந்த இடத்திலிருந்தே ஏறியது. டொலர் முந்நூற்றைம்பது ரூபாயைத் தாண்டிய உச்சத்தில் பாதியை மாற்றி வத்தேகம பக்கம் காணி வாங்கினாள். காட்டுவதற்கு என்னையும் கூட்டிப்போனாள்.

"எல்லாம் பொறுமதான் அக்கா," என்றாள்.

திரும்பும் பஸ்ஸில், நான் இருநூறு ரூபாய்க்கு மாற்றிய டொலர்கள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன.

அடுத்த சம்பளத்தை நான் தொடவில்லை. அதற்கடுத்ததையும் தொடவில்லை. வளையல்களை அடகு வைத்து வாடகை கொடுத்தேன். "எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்றார் கணவர். "இன்னும் ஏறும், பாருங்க," என்றேன். விடிந்ததும் டொலர் விலையைத்தான் பார்ப்பேன். செய்தியில் சொல்வது விற்கும் விலை. வங்கி நம்மிடம் வாங்கும் விலை அதைவிடக் குறைவு என்று தெரிந்தும், பெரிய இலக்கத்தையே மனம் பிடித்துக்கொண்டது.

ஏறவில்லை. ஒரு மார்ச் மாதம், சில நாட்களுக்குள் ரூபாய் மளமளவென்று பலப்பட்டது. சாமான் விலை இறங்குமென்று கடைத்தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட, நான் மட்டும் வயிற்றெரிச்சலோடு நடந்தேன். வீட்டுக்கார அம்மா வாடகையைக் கேட்டுவிட்டார். அடகு வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது. கண்டி டவுனுக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றினேன்.

வங்கி வாசலில் அவள் எதிரே வந்தாள். வேறு ஏதோ வேலையாம்.

"நீ மாத்தலியா? ஒனக்கும் நட்டந்தானே?" என்றேன். அவளும் நொந்திருக்க வேண்டுமென்று உள்ளே ஓர் ஆசை.

"மிச்சம் அப்பிடியே கெடக்கு அக்கா. எறங்கினா எறங்கட்டும், இப்ப என்ன அவசரம்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு விலையைப் பற்றி என்னைவிட அதிகமாக எதுவும் தெரியாது. அந்தச் சம்பளம் இல்லாமலே மாதத்தை ஓட்ட அவளால் முடிந்தது, அவ்வளவுதான். அது புரிந்தபின் பொறாமை குறையும் என்று நினைத்தேன். கூடியது. கெட்டிக்காரத்தனத்தையாவது கற்றுக்கொள்ளலாம், சொந்த வீட்டை எங்கே போய்க் கற்பது?

அன்றே வளையல்களை மீட்டேன். இப்போது செலவுக்கானதை வந்த அன்றே மாற்றிவிடுகிறேன். ஏதாவது மிஞ்சினால் மட்டும் டொலராக விடுகிறேன். மிஞ்சுவது கொஞ்சம்தான். விலை ஏறும் நாட்களில் அவளிடமிருந்து அழைப்பு வந்தால், உடனே எடுப்பதில்லை.