ஏழு செடியின் நெல்

கடல்நீர் ஏறும் களப்போரத்து உவர்க்காணிகளில் விளையும் ஒரு சிவப்பு நெல் எங்கள் ஊரில் இருந்தது. சாய்ந்தமருதில் நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒருவர், தன் வாப்பா காலத்திலிருந்து அதையே விதைத்து வந்தார். அந்த வயலில் ஒரு கதிர் முந்திப் பழுக்கும். பக்கத்துக் கதிர் பச்சையாகவே நிற்கும். நெட்டை, குட்டை என்று எல்லாம் கலந்துதான் இருக்கும்.

ஒரு வருடம் அடித்த சூறாவளியன்று கடல்நீர் வயல் வட்டைக்குள் ஏறியது. இளம்பயிர் அழுகியது. வீடுகளில் மிச்சமிருந்த விதைநெல்லும் நனைந்து முளைத்துக் கெட்டுப்போனது. அந்த நெல் எஞ்சியது ஒரே இடத்தில்தான்: நான் வேலை செய்த நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறையில், ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள்.

ஆனால் மின்சாரம் வரக் கிழமைக்கணக்கானது. அறை சூடேறி ஈரம் பிடித்தது. போத்தலில் இருந்த அவ்வளவையும் முளைக்கப் போட்டோம். வளர்ந்து கதிர் தள்ளியவை ஏழே செடிகள்.

அந்த விதையைக் காக்காவின் உவர்க்காணியிலேயே பெருக்குவோம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். உப்பில் நின்றால்தான் உப்பைத் தாங்குவது எது என்று தெரியும்.

"உப்பில எல்லாம் செத்தா பிறகு எங்க போய்த் தேடுற?" என்றார் அவர்.

அவர் சொன்னபடியே, நிலையத்தின் நல்ல மண்ணில், நல்ல தண்ணீரில், மூன்று பெரும்போகம் பெருக்கினோம். மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று காக்கா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"அல்லாஹ் திருப்பித் தந்திட்டான் தம்பி" என்றார்.

தை மாதம் அவரே ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். கத்தரித்துவிட்டது போல வயல் முழுக்க ஒரே உயரம். எல்லாம் ஒரே நேரத்தில் பூத்திருந்தது.

"எங்கட நெல் இப்பிடிப் பூக்கிற இல்லயே?"

"ஏழு செடிட வித்துத்தானே காக்கா. ஏழும் ஒரே வகை. மத்த வகையெல்லாம் அந்தப் போத்தலுக்குள்ளயே செத்துப் போச்சி."

அந்தக் கிழமைதான் மழை நின்றது. வாய்க்காலில் களப்பின் உப்புத் தண்ணீர் ஏறியது. பழைய வயலென்றால் முந்திப் பூத்தது தப்பியிருக்கும்; அடுத்த மழை உப்பைக் கழுவிய பிறகு பிந்தியதும் பூத்திருக்கும். இதில் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. பூவிலிருந்த பயிர் முழுதையும் உப்பு பிடித்தது.

அறுவடைக்குப் போனேன். காக்கா கதிர்களை உள்ளங்கையில் உருவி ஊதினார். கையில் தங்கியது சில மணிகள்தான். மற்றதெல்லாம் மணி பிடிக்காத சப்பி, பறந்து போனது.

"இன்னும் வித்து இரிக்கா உங்களிட்ட?"

"ஓம் காக்கா. ஆனா அதுவும் இதே வித்துத்தான்."

"அப்ப வேணா."

நான் ராத்தா என்று கூப்பிடும் அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ராத்தாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வேறு நெல் அந்த உப்பில் நிற்காது; அடுத்த போகம் காக்கா அந்தக் காணியைத் தரிசாகப் போட்டார். பிறகு கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போனார். மிச்ச விதையை மலைநாட்டு விதைக் களஞ்சியத்துக்கு அனுப்பினோம். இன்றும் முளைக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதை விதைக்க எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.