காலியாகத் தெரிந்த மூன்றாவது சேனல்

நாள் முழுக்க ஊரார் வீடுகளில் வைஃபை சரிசெய்துவிட்டு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள், கணவன் கைபேசியை நீட்டினான். வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை அவனுக்கு. மத்தியானத்திலிருந்து குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டதாம்.

“பக்கத்துல யார் வைஃபை எந்தச் சேனல்ல ஓடுதுன்னு காட்டற ஸ்கேனர் ஆப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன். மூணாவது சேனல்ல ஒருத்தரும் இல்ல. அதுக்கு மாத்தியும் சரியாகல.”

அவள் சுவரில் சாய்ந்தபடி பார்த்தாள். ஒன்றாம் சேனலிலும் ஆறாம் சேனலிலும் அக்கம்பக்கத்து வீடுகளின் சிக்னல்கள் உயரமான வளைவுகளாக, நெருக்கியடித்து நின்றன. இரண்டு கூட்டத்தின் ஓரங்களும் மூன்றின் மேல் படர்ந்திருந்தன.

“பேருக்குத்தான்பா காலி. ரெண்டு பக்கத்து இரைச்சலும் அங்க வந்து விழுது. பதினொண்ணு பரவாயில்ல.”

“அங்க ரெண்டு பேர் இருக்காங்களே?”

“வளைவு எவ்ளோ குட்டையா இருக்கு பாரு. சிக்னல் இங்க வரதுக்குள்ள செத்துடும்.”

ரூட்டரை அவளே பதினொன்றுக்கு மாற்றினாள். அவன் ஓர் அழைப்பு பேசிப் பார்த்தான். குரல் தெளிவாகக் கேட்டது.

“அப்பாடா! ஊருக்கே வைத்தியம் பாக்கறவ, வீட்டுக்கும் பாத்துட்ட.”

“சேந்து சாப்பிடலாமா?”

“நின்னுபோன அழைப்பெல்லாம் பாக்கி கெடக்கு. நீ சாப்பிடும்மா.”

அவன் அறைக்கதவு சாத்திக்கொண்டது. சேர்ந்து சாப்பிட்ட பிறகு சரிசெய்திருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பசியைவிட அசதிதான் அதிகமாக இருந்தது.