கூட யாரு?

மாதம்மாளின் சாமைக் காட்டுப் பாறையில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அதனால் ஊரின் சாவுச் சேதிகளெல்லாம் அவள் வாய்வழியாகவே மலையிறங்கின. "சீரியஸ், உடனே வா" என்று பொய் சொல்லி ஆளை ஓடவிடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

இன்று விடியலில் இறந்துபோனது அவளுடைய தோழி ஈஸ்வரி. பாறையைச் சுற்றிப் பனி மிதக்க, மலையடிவாரத்துச் சந்தவாசலில் இருக்கும் முனியம்மாவை மாதம்மாள் அழைத்தாள். மூவரும் ஒன்றாகப் புளி பொறுக்கியவர்கள்.

"முனியம்மா, மாதம்மா பேசறேன். எங்கடி இருக்க?"

"அடுப்பாண்ட."

"அணைச்சுட்டு ஒக்காரு. கூட யாரு?"

"மருமக இருக்கா. இன்னாடி?"

"கெட்ட சேதிடி." மூன்று மூச்சு விட்டாள். "நம்ம ஈஸ்வரி செத்துட்டா. விடியக்காலம், தூக்கத்துலயே."

மாதம்மாள் போனைக் காதோடு வைத்தபடியே இருந்தாள். மேகமொன்று பாறையேறி அவளைக் கடந்து போனது. எதிர்முனையில் அழுகை வந்து, மெல்ல ஓய்ந்தது.

"எப்ப எடுக்கறாங்க?"

"நாலு மணிக்கு. மருமகளோட பஸ்ல வா."

"வர்றேன்." பிறகு முனியம்மா கேட்டாள். "நீ ஒக்காந்துனு இருக்கியாடி?"

இத்தனை வருஷத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. மாதம்மாள் ஈரப்பாறையில் மெல்ல உட்கார்ந்தாள். முனியம்மா அடுத்ததையும் கேட்டாள்.

"கூட யாரு?"

"நீதான்டி."