ஒரே ஒரு ஸ்லாட்

கம்ப்யூட்டர் கடைத்தெருவில் அவனுக்குத் திருப்புளி என்று பெயர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, திருப்புளி இருக்கும். பதினெட்டு வருடமாக உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பெட்டி பூட்டுகிறவன். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் அழகாக இருக்கிறது என்றால் போதும், புத்தி எங்கோ போய்விடும்.

வீட்டிலேயே வீடியோ எடிட்டிங் செய்துவந்த அவன் அக்கா புது கம்ப்யூட்டர் கேட்டாள். கடையில் முழு அளவு, மைக்ரோ, மினி என்று மூன்று மதர்போர்டுகளை எடுத்து வைத்தான். முழு அளவில் கார்டு செருக ஏழு ஸ்லாட் வரை கிடைக்கும், ரேமுக்கு நான்கு. மைக்ரோவில் கார்டுக்கு அதிகபட்சம் நான்கு. ரேமுக்கு நான்கோ இரண்டோ. மினியில் கார்டுக்கு ஒன்றே ஒன்று, ரேமுக்கு இரண்டு. அவ்வளவும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அக்கா மைக்ரோவைத் தொட்டாள்.

"இதையே போட்டுடேன்டா. நாளைக்கு என்ன வேலை வருமோ."

"உனக்கு எதுக்குக்கா அவ்வளவு ஸ்லாட்? சும்மா தூசிதான் அடையும்."

சின்னதாக அழகாக இருக்கும் என்று மினியையே போட்டான். இருந்த ஒரே ஸ்லாட்டில் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு. ஜோடியாகப் போட்டால் வேகம் என்று எட்டு ஜிபி ரேம் இரண்டு. கார்டுதான் இருக்கிறதே என்று, தானாகப் படம் காட்டும் வசதி இல்லாத ப்ராசசரையே தேர்ந்தெடுத்தான். பெட்டி டிபன் டப்பா அளவுக்கு அடக்கமாக வந்தது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான், மடையன்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாடகக் குழு அக்காவைத் தேடி வந்தது. வருடம் முழுக்க அவர்களுடைய நாடகங்களை நான்கு கேமராவில் ஒரே நேரத்தில் பதிவுசெய்ய வேண்டும். அவள் சொந்தக் காலில் நிற்க அது ஒன்று போதும். சனிக்கிழமை காலை ஒத்திகையில் செய்து காட்டச் சொல்லி, நான்கு கேமராவின் படத்தையும் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கேப்சர் கார்டை முந்தின நாள் மாலை கொடுத்தனுப்பினார்கள்.

திருப்புளி பெட்டியைத் திறந்தான். செருக இடமில்லை. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினால் திரையில் படமே வராது. நான்கு கேமராவுக்கு ரேமும் போதாது; கூட்டலாம் என்றால் இரண்டு ஸ்லாட்டும் நிறைந்திருந்தன, இருப்பதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிதாகத்தான் வாங்க வேண்டும். போர்டை மாற்றலாம் என்றால் மைக்ரோ இந்தப் பெட்டிக்குள் நுழையாது. போர்டும் பெட்டியும் புதிதாக வரவழைத்து, எல்லாம் பூட்டிச் சரிபார்க்கக் குறைந்தது இரண்டு நாள். அக்கா பக்கத்தில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் செய்து காட்ட முடியவில்லை; நாடகக் குழு பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே வேறொரு ஸ்டுடியோவைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மைக்ரோ போர்டும் பெரிய பெட்டியும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். வாங்கி ஓரமாக வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த நாடகத்தை எடுக்குற ஸ்டுடியோவுல ஆள் கேட்டாங்கடா. நாளையிலேர்ந்து சம்பளத்துக்குப் போறேன்."

அவன் பாதித் தட்டிலேயே எழுந்து கை கழுவப் போனான்.