புரட்டாசியில் காணாமல் போன வரிகள்

ஒரு கோப்பில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்காமல், அதிலிருந்த எண்களுக்குப் பச்சையும் மஞ்சளும் பூசி ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகத் தீர்த்தவன் நான். என்னை அறிவாளி என்று நம்பிய ஒரே ஆள் என் மனைவியின் அண்ணன். பாவம், அவருக்கு வேறு மாப்பிள்ளை இல்லை.

மச்சானுக்கு நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. பெரிய பண்ணைகளுக்கு நடுவே ஒற்றை ஷெட். தீவன விலை ஏறிக்கொண்டே போனதில் முந்தைய இரண்டு பேட்ச் கோழிகளும் அவரைச் சாய்த்துவிட்டிருந்தன. அடுத்த பேட்ச்சும் கைகொடுக்காவிட்டால் ஷெட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு பழையபடி லாரி ஓட்டவே போய்விடுவதாகச் சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

"கவலைய உடுங்க மச்சான், எந்த மாசம் முட்டை விலை நிக்குதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றேன்" என்றேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் அடுத்தவர் தரும் எண்களைக் கட்டம் கட்டுவது என் பிழைப்பு. ஆகவே ஓர் இணையதளத்திலிருந்து பல வருட நாமக்கல் முட்டை விலையை சிஎஸ்வி கோப்பாக இறக்கினேன். ஒரு பக்கம் தேதி, எதிரே விலை. திரையில் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமாக இருந்தால் முழுதாகத்தான் இருக்கும் என்று என் மூளை முடிவு செய்தது. வருடத்துக்கு இத்தனை நாள் என்று பெருக்கி, கோப்பின் கடைசி வரி எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். எனக்கு வண்ணம் பூசுகிற அவசரம்.

மாதவாரியாகச் சராசரி போட்டேன். அதிசயம்! ஊரெல்லாம் பயப்படும் புரட்டாசி அவ்வளவு மோசமில்லை என்று வந்தது.

"ஏனுங்க மாப்ள, புரட்டாசில சனம் முட்டையத் தொடாதுங்களே?"

"எல்லாரும் அப்படி நெனச்சுத்தான் பழைய கோழியக் கழிச்சு வித்துர்றாங்க. வரத்துக் கொறையுது, வெலை நிக்குது. டேட்டா சொல்லுதுங்க மச்சான்."

டேட்டா என்ற சொல்லுக்கு அவர் தலையாட்டினார். முட்டை உச்சத்துக்கு வர ஆறு மாதம் என்று கணக்கிட்டுப் பங்குனியில் குஞ்சு விட்டார். புரட்டாசியில் ஷெட் முழுக்க உச்சத்தில் முட்டை.

அந்த மாதம் தினமும் என் தீர்க்கதரிசனத்தை ரசிக்க இணையதளத்தைத் திறப்பேன். தொடக்கத்தில் விலை மளமளவென்று இறங்கியது. பிறகு புது வரியே வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. தளம் கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே மச்சானை அழைத்தேன்.

"இன்னைக்கு என்ன வெலைங்க மச்சான்? இவனுக ஏத்தவே மாட்டேங்கறானுக."

"அதே வெலைதானுங்க. மாறவே இல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விலை மாறிய நாளுக்கு மட்டும்தான் அந்த அட்டவணையில் வரி. மாறாத நாளுக்கு இல்லை. கோப்பைத் திறந்து, ஒவ்வொரு தேதியிலிருந்தும் அதற்கு முந்தைய தேதியைக் கழித்துப் புதிதாக ஒரு பத்தி போட்டேன். மார்கழியில் பெரும்பாலும் ஒன்று, ஒன்று, ஒன்று. புரட்டாசிகளில் ஒன்பது, பன்னிரண்டு என்று நாள் இடைவெளிகள். விலை இறங்கும்போது நாளுக்கொரு வரி. அடிமட்டத்தில் போய்ப் படுத்துவிட்டால் இரண்டு வாரத்துக்கும் ஒரே வரி. என் சராசரியில் அந்த இரண்டு வாரமும் சேர்ந்து ஒரே ஒரு நாள். விடுபட்ட நாட்களில் முந்தைய விலையை இட்டு நிரப்பி மறுபடி சராசரி போட்டேன். ஊர் பயந்தது சரியாகவே இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்றாள். கலர் சரியில்லை என்றேன். அவளிடம்கூடப் பொய்யைச் சிரிப்புக்குள் சுருட்டித்தான் கொடுத்தேன்.

கார்த்திகைக்குள் தீவனக்காரர் சரக்கு இறக்குவதை நிறுத்திவிட்டார். கோழிகளோடு சேர்த்து ஷெட்டைக் குத்தகைக்குக் கொடுத்த அன்று நானும் போயிருந்தேன். முட்டை அட்டைகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார் மச்சான். வேலை செய்யாத ஆள் வழியில் நின்றால் என்ன உபயோகமோ, அதுதான் என் உபயோகம். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகளின் கொக்கரிப்பு. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, வாய் சும்மா இருக்காத நான் சொன்னேன்:

"தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சுட்டேனுங்க மச்சான். பாதி நாளுக்குக் கோப்புல வரியே இல்லீங்க."

அவர் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த நாள்லயும் கோழி தின்னுச்சுங்க மாப்ள."