நாலாம் பாடத்தில் நின்ற ஞாயிறு

1991இல் மண்ணூரில் இருந்தோம். வடக்கே வேலை பார்த்த மகன் இந்திக்காரப் பெண்ணை மணந்திருந்தான். தீபாவளிக்கு வரும் மருமகளிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. இருவரும் சேர்ந்து இந்தி படிக்க நான்தான் விதி எழுதினேன்: ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒரே பாடம், மற்ற நாளில் புத்தகத்தைத் தொடக்கூடாது.

அந்த விதியை மீறியதும் நான்தான். கம்பெனி பஸ்ஸில் தினமும் படித்தேன். ஞாயிறு வந்தால் அவள் இன்னும் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி கேட்டு, அவள் நோட்டில் தப்புகளைச் சிவப்புப் பேனாவில் சுழிப்பேன்.

ஒரு ஞாயிறு அவள் என் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். எட்டாம் பாடம் வரை கோடு போட்டிருந்தது. சேர்ந்து படித்ததில் நாங்கள் நாலாம் பாடத்துக்குத்தான் வந்திருந்தோம்.

"ஒண்ணா கத்துக்கலாம்னு சொல்லிட்டு, பஸ்ல ஒண்டியா படிச்சுகினு இருக்கீங்களா? எனக்கு மார்க் போடவா மருமக வரா?"

"உன் வேகத்துக்கு நான் காத்திருக்க முடியுமா?" என்று கத்தினேன்.

"அப்ப ஆபீசர், நீங்களே உங்க மருமககிட்ட பேசிக்குங்க. நான் பக்கத்து வீட்டம்மாகிட்ட படிச்சுக்கறேன். அவங்க டெல்லியில இருந்தவங்க."

அவள் நோட்டோடு போனாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து நாலாம் பாடத்தை இரண்டு குரல்கள் சேர்ந்து வாசித்தன. எட்டாம் பாடத்தில் என்னிடம் கேள்வி கேட்க ஆளில்லை.